ஆண்டின் எல்லாத் திங்கட்கிழமைகளும் ஒரே சூத்திரத்தில்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

காரைக்குடி, பலகாரக் கடை

நாங்கள் கைமுறுக்கும் சீப்புச்சீடையும் மணகோலமும் செய்து, திங்கட்கிழமைதோறும் வெளியூர்களுக்குப் பார்சல் அனுப்புகிறோம். எந்தத் திங்களன்று யாருக்கு எத்தனை கிலோ போயிற்று என்பதை இதுவரை நோட்டில் எழுதி வந்தேன். இந்த ஆண்டு அதைக் கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றியபோது, நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 2026-இன் திங்கட்கிழமைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த என் நாத்தனார் மகள் அதைப் பார்த்துவிட்டு, A1 கட்டத்தில் 2026 என்று மட்டும் எழுதச் சொல்லி, A3 கட்டத்தில் இதை இட்டாள்.

```
=SEQUENCE(52,1,DATE(A1,1,7)-WEEKDAY(DATE(A1,1,7),3),7)
```

எண்டர் தட்டியதும் கீழே வரிசையாக நிரம்பியது. ஆனால் தேதிகள் வரவில்லை, 46027, 46034 என்று எண்கள்தாம் வந்தன. Format மெனுவில் Number, அதில் Date என்பதைத் தேர்ந்தெடுத்ததும் 05-01-2026 முதல் 28-12-2026 வரை எல்லாத் திங்கள்களும் ஒழுங்காக நின்றன. வேலை முடிந்துவிட்டது என்றாலும், அந்தச் சூத்திரத்திற்குள் என்ன நடக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. ஜனவரி 7 ஏன் இரண்டு முறை வருகிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பள்ளத்தூர், ஓய்வு பெற்ற வங்கிக் கணக்கர்

ஆச்சி, முதலில் அந்த 46027-ஐப் பார்ப்போம். விரிதாள் எந்தத் தேதியையும் ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று தொடங்கி நாளுக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே வருகிறது. கூகுள் ஷீட்ஸும் இக்காலத் தேதிகளுக்கு அதே எண்களையே தருகிறது. அந்தக் கணக்கில் 2026 ஜனவரி 5 என்பது 46027. எண்ணைத் தேதி வடிவில் காட்டச் சொல்வது மேற்பூச்சுதான், உள்ளே இருப்பது எண்ணே. அடுத்த திங்களைப் பெற 7-ஐக் கூட்டினால் போதும் என்பதும் இதனால்தான்.

இனி ஜனவரி 7. ஆண்டின் முதல் திங்கள் 1-ஆம் தேதியிலிருந்து 7-ஆம் தேதிக்குள் எப்படியும் வந்தாக வேண்டும், ஏனெனில் ஏழு நாட்களில் எல்லாக் கிழமைகளும் ஒரு முறை வந்துவிடும். ஆகவே 7-ஆம் தேதியில் நின்றுகொண்டு, திங்களைத் தொடும் வரை பின்னோக்கி நடந்தால் கிடைப்பது முதல் திங்கள்தான். எத்தனை அடி பின்னால் போக வேண்டும் என்பதைச் சொல்வது WEEKDAY. அதன் கடைசியில் 3 என்று கொடுத்திருப்பதால் அது திங்களை 0, செவ்வாயை 1 என்று எண்ணி, ஞாயிற்றை 6 என்கிறது. 2026 ஜனவரி 7 புதன்கிழமை, புதனுக்கு 2, ஏழிலிருந்து இரண்டு போக 5. நிற்கும் இடத்தைச் சொல்ல ஒரு முறை, அந்த இடத்தின் கிழமையைக் கேட்க ஒரு முறை என்று ஜனவரி 7 இரண்டு முறை வருகிறது. அந்த 3-ஐ விட்டுவிட்டால் WEEKDAY ஞாயிற்றை 1 என்று தொடங்கி எண்ணும். அப்போது பட்டியல் முழுவதும் சனிக்கிழமைகளாக வந்து நிற்கும். பட்டியல் போட்டதும் எதாவது ஒரு தேதியை நாட்காட்டியில் ஒத்துப்பார்ப்பது நல்லது. ஒன்று சரியென்றால் எல்லாம் சரி.

SEQUENCE செய்வது எளிய வேலை: 52 வரிகள், ஒரு பத்தி, அந்த முதல் திங்களிலிருந்து, ஏழேழாக.

தேவகோட்டை, ஜவுளிக் கடை

எங்கள் கடையிலும் இதையே பயன்படுத்துகிறோம். அந்த 52 என்பதை யாரும் மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஓர் ஆண்டுக்கு 52 வாரங்கள்தாம். நான் ஒரு முறை 53 என்று இட்டுப் பார்த்தபோது கடைசி வரியில் 04-01-2027 வந்து நின்றது. அது அடுத்த ஆண்டுக் கணக்கு. எனவே 52 என்பதே சரி.

பள்ளத்தூர், ஓய்வு பெற்ற வங்கிக் கணக்கர்

2026-க்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் 52 வாரங்கள் என்றால் 364 நாட்கள்தாம். மீதி ஒரு நாளோ இரண்டு நாளோ இருக்கிறது, அது எந்தக் கிழமையில் விழுகிறதோ அந்தக் கிழமை அந்த ஆண்டில் 53 முறை வரும். A1-இல் 2024 என்று எழுதிப் பாருங்கள். அந்த ஆண்டு திங்களன்றே பிறந்தது. உங்கள் 52 வரிகள் டிசம்பர் 23-உடன் நின்றுவிடும், டிசம்பர் 30 விடுபட்டுப்போகும். 2029-ம் அப்படித்தான், ஜனவரி 1-ம் டிசம்பர் 31-ம் இரண்டுமே திங்கள். ஒரு வரி கூடினால் கண்ணில் படும். குறைந்தால் படாது, ஆகவே 52 என்று முடிவாக எழுதிவைப்பதே இரண்டில் ஆபத்தானது. 53 எடுத்துக்கொண்டு, ஆண்டு மாறிய வரியை மட்டும் வடிகட்டிவிடுவதே முறை.

```
=LET(naal,SEQUENCE(53,1,DATE(A1,1,7)-WEEKDAY(DATE(A1,1,7),3),7),FILTER(naal,YEAR(naal)=A1))
```

இங்கே naal என்பது நான் வைத்த பெயர். 53 தேதிகளுக்கும் சேர்த்து ஒரு பெயர் இட்டுவிட்டால் நீண்ட பகுதியை மறுபடி எழுத வேண்டியதில்லை. FILTER அவற்றில் A1-இல் உள்ள ஆண்டுக்குரியவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஆண்டை மாற்றினால் 52-ஓ 53-ஓ அதுவே பார்த்துக்கொள்ளும்.

கானாடுகாத்தான், தங்கும் விடுதி வரவேற்பு

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், கேள்விக்கு நேரடியாகப் பொருந்துமா என்று தெரியவில்லை. எங்கள் விருந்தினர் பதிவேட்டில் A1 கட்டத்தில் ஏற்கெனவே ஏதோ ஒரு தேதி இருந்தது. அதை அழித்துவிட்டு 2026 என்று எழுதினேன். 18-07-1905 என்று காட்டியது! பயந்துபோய் 01-01-2026 என்று முழுத் தேதியாக எழுதினேன். உடனே கீழே இருந்த பட்டியல் முழுவதும் போய் #NUM! என்று ஒரு சொல் மட்டும் நின்றது. கணினியில் நச்சுநிரல் புகுந்துவிட்டதோ என்று முதலாளியிடம் வேறு சொல்லிவிட்டேன்.

பள்ளத்தூர், ஓய்வு பெற்ற வங்கிக் கணக்கர்

நச்சுநிரல் இல்லை, தம்பி. அந்தக் கட்டம் பழைய தேதி வடிவத்தை விடாமல் வைத்திருக்கிறது. 1900-லிருந்து 2026-ஆவது நாள் 1905 ஜூலை 18, அதைத்தான் காட்டியது. உள்ளே 2026 இருப்பதால் பட்டியல் அப்போதும் சரியாகவே வந்திருக்கும். முழுத் தேதியை எழுதியபோதுதான் உள்ளே 46023 போய்விட்டது. 46023-ஆம் ஆண்டு என்று ஒன்றை DATE ஏற்காது. A1-ஐ எண் வடிவத்திற்கு மாற்றி, 2026 என்று மட்டும் எழுதுங்கள்.

கோனாபட்டு, பள்ளி ஆசிரியை

எங்கள் அலுவலகக் கணினியில் எக்செல் 2016 இருக்கிறது. மேலே தந்த இரண்டு சூத்திரங்களுக்கும் #NAME? என்றே வருகிறது. எழுத்துப் பிழை இருக்குமோ என்று இங்கிருந்தே நகலெடுத்து ஒட்டியும் பார்த்துவிட்டேன். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு வழியே இல்லையா ஐயா?

பள்ளத்தூர், ஓய்வு பெற்ற வங்கிக் கணக்கர்

இருக்கிறது அம்மா. SEQUENCE, FILTER, LET மூன்றும் எக்செல் 2021-லும் 365-லும் உண்டு. 2016-க்கும் 2019-க்கும் அவை தெரியாத பெயர்கள், அதனால்தான் #NAME? என்கிறது. நீங்கள் A3 முதல் A55 வரை 53 கட்டங்களையும் முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்டு, கீழ்க்கண்டதை எழுதி, எண்டர் மட்டும் தட்டாமல் Ctrl, Shift இரண்டையும் அழுத்திக்கொண்டு எண்டர் தட்டுங்கள்.

```
=DATE(A1,1,7)-WEEKDAY(DATE(A1,1,7),3)+7*(ROW(1:53)-1)
```

ROW(1:53) என்பது ஒன்று முதல் 53 வரை எண்ணித் தருவதற்கான பழைய உத்தி. இதில் இரண்டு குறைகள் உண்டு. 53-ஆவது வரி அடுத்த ஆண்டுக்குரியதா என்பதை நீங்களே பார்க்க வேண்டும். பிறகு, தலைப்பு எழுதுவதற்காக எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரியைப் பின்னால் செருகினால், எக்செல் தானாகவே அதை ROW(2:54) என்று மாற்றிவிடும். பட்டியல் ஒரு வாரம் தாமதமாகத் தொடங்கும். தலைப்புக்கு இடம் விட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

காரைக்குடி, பலகாரக் கடை

விளக்கத்திற்கு மிக்க நன்றி. புதிய சூத்திரத்தை இட்டுவிட்டேன். இன்னொன்றைக் கவனித்தேன். A பத்தியில் தேதிகள், அவற்றுக்கு நேராக B பத்தியில் வாடிக்கையாளர் ஊரும் எடையும் நான் கையால் எழுதியவை. சோதனைக்காக A1-இல் 2027 என்று மாற்றியபோது தேதிகள் மாறின, எழுதியவை நின்ற இடத்திலேயே நின்றன. 2026 ஜனவரி 5-இல் அனுப்பிய முறுக்கு 2027 ஜனவரி 4-க்கு நேராக இருந்தது. இது இப்படித்தான் இருக்குமா?

பள்ளத்தூர், ஓய்வு பெற்ற வங்கிக் கணக்கர்

இப்படித்தான் இருக்கும். சூத்திரம் A3 ஒன்றில்தான் இருக்கிறது, கீழே தெரிபவை அதிலிருந்து வழிந்தவை. பக்கத்தில் எழுதியது எந்தத் தேதிக்குரியது என்று விரிதாளுக்குத் தெரியாது. கணக்கெழுதத் தொடங்கும் முன் அந்தப் பட்டியலை நகலெடுத்து, அதே இடத்தில் மதிப்பாக மட்டும் ஒட்டிவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் Ctrl+Shift+V. அதற்குப் பிறகு அவை வெறும் தேதிகள், தாமாக மாறமாட்டா.

தேவகோட்டை, ஜவுளிக் கடை

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. சூத்திரத்தை அழித்துவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி யாரையாவது கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தாள் என்று தாளையே நகலெடுத்து வைத்து, பழைய தாளின் A1-ஐ யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் வழக்கம். 53 பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொண்டு மாற்றிவிட்டேன்.

நேமத்தான்பட்டி, கோயில் பணி

எனக்கு ஆண்டு முழுவதும் தேவையில்லை. கார்த்திகைச் சோமவாரங்கள் மட்டும் வேண்டும், சங்காபிஷேகக் கட்டளைக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவதற்காக. கார்த்திகை என்று சூத்திரத்தில் எங்கே எழுதுவது?

பள்ளத்தூர், ஓய்வு பெற்ற வங்கிக் கணக்கர்

விரிதாளுக்குத் தமிழ் மாதம் தெரியாது. கார்த்திகை முதல் தேதியை C1-இலும் கடைசித் தேதியை C2-இலும் நீங்களே இட்டு, E3-இல் இதை எழுதுங்கள்.

```
=FILTER(A3:A55,(A3:A55>=C1)*(A3:A55<=C2))
```

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2026 நவம்பர் 16 ஒரு திங்கட்கிழமை. மாதப் பிறப்பை ஒட்டிய நாள். அது ஐப்பசிக் கடைசியா கார்த்திகைத் தொடக்கமா என்பதை C1-இல் நீங்கள் இடும் தேதிதான் முடிவு செய்யும்.

நேமத்தான்பட்டி, கோயில் பணி

அப்படியானால் குருக்களிடம் பஞ்சாங்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் C1-ஐ நிரப்ப வேண்டும். அதுவரை நவம்பர் 16-க்கான கடிதத்தை நிறுத்தி வைக்கிறேன்.