இலட்சிய வகையா, தூய வகையா: வேபர் இயலுக்கு இரண்டு சொல் தேவை

மலர்:

அனைவருக்கும் வணக்கம்.

முதலாண்டுச் சமூகவியல் பாடநூலில் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் பற்றிய இயல் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பீரோகிரசிக்கு ‘அதிகாரத்துவம்’ என்று பதிப்புக்குழு முடிவு செய்துவிட்டது. தயவுசெய்து அதைக் கிளறாதீர்கள்.

எனக்கு வேண்டியவை இரண்டு சொற்கள். ஒன்று, ஐடியல் டைப். பழைய நூல்களில் ‘இலட்சிய வகை’ என்றிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, அதிகாரத்துவம்தான் வேபரின் இலட்சிய ஆட்சி என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். மற்றொன்று, கோல் டிஸ்பிளேஸ்மென்ட். ஒரு விதி எதற்காக வந்ததோ அது மறந்துபோய், விதியைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடுவது. என் வரைவில் ‘இலக்கு இடமாற்றம்’ என்று போட்டிருக்கிறேன். அலுவலகத்தை வேறு ஊருக்கு மாற்றியதுபோல் ஒலிக்கிறது.

அறிவழகன்:

அன்புள்ள மலர்,

கிளறாதே என்றால் கை சும்மா இருக்குமா? பியூரோ என்பது பிரெஞ்சில் முதலில் மேசைமேல் விரித்த முரட்டுத் துணி. துணியின் பெயர் மேசைக்கு ஆனது, மேசையின் பெயர் அறைக்கு ஆனது, அறையின் பெயர் அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஆனது. நன்னூல் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அப்பட்டமான மும்மடியாகுபெயர். நம்மிடமும் இதே வழியில் வந்த சொல் உண்டு: ஓலை. முதலில் இலை, பிறகு அதில் எழுதிய ஆவணம். சோழர் கல்வெட்டுகளில் ‘திருமந்திர ஓலை’ என்றால் அரசாணையை எழுதும் அதிகாரி. ஆகவே ‘ஓலையாட்சி’. வடசொல்லான அதிகாரத்தைத் தூக்கிப் போடுங்கள்.

ரஃபீக்:

ஐயா, ஓலையாட்சி என்று தலைப்பு வைத்தால் மாணவர்கள் கூரை வேயும் பாடம் என்று நினைப்பார்கள். மலர் கேட்ட கேள்விக்கு வருவோமா? ‘இலட்சிய வகை’யில் என்ன குறை? வேபர் அதிகாரத்துவத்தைப் பாராட்டித்தானே எழுதினார்? திறமையில் அதை மிஞ்ச எதுவும் இல்லை என்றவர் அவர்தானே?

பத்மா:

மன்னிக்கவும், இரண்டு நாளாக விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் இருந்தேன். இந்தப் பாடத்தை நெடுங்காலமாக நடத்தி வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ரஃபீக் சொல்வது பாதி சரி. திறமை விஷயத்தில் வேபர் உயர்த்திச் சொன்னது உண்மை. மற்ற அமைப்புகளோடு ஒப்பிட்டால் இது கைவேலைக்கு முன் எந்திரம்போல என்றார். ஆனால் எந்த ‘மற்ற’ அமைப்புகள் என்று பார்க்க வேண்டும். பதவியைப் பணம் கொடுத்து வாங்கியவர், மக்களிடம் பிரித்த கட்டணத்தைத் தானே வைத்துக்கொண்டவர், ஏடுகளைத் தன் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தவர். அவர் செத்தால் கணக்கும் போச்சு. அவருக்குப் பதிலாகச் சம்பளக்காரர் வருகிறார். கோப்பு அலுவலகத்தில் இருக்கிறது. நாற்காலியில் ஆள் மாறினாலும் அடுத்தவர் அதே பக்கத்திலிருந்து தொடங்கலாம். வேபர் சொன்ன வேகமும் துல்லியமும் இங்கிருந்து வருகின்றன. நீங்கள் கொடுத்த மனுவும் நான் கொடுத்த மனுவும் ஒரே விதிப்படி நகரும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். அவர் பெரிதாக மதித்தது இதைத்தான். (அறிவழகன் ஐயாவின் ஓலையில் ஒரு நியாயம் உண்டு: எழுத்து ஆவணம் இல்லாமல் வேபரின் அதிகாரத்துவம் இல்லை.)

ஆனால் ‘ஐடியல்’ என்ற சொல்லுக்கும் இந்தப் பாராட்டுக்கும் தொடர்பே இல்லை. 1904-இல் எழுதிய கட்டுரையில் அவர் இதைத் தெளிவாக்கிவிட்டார். ஆய்வாளர் உலகில் சிதறிக் கிடக்கும் சில கூறுகளை எடுத்து, வேண்டுமென்றே மிகைப்படுத்தி, முரணில்லாமல் கோத்து, மனத்துக்குள் ஒரு உருவைக் கட்டுகிறார். அப்படியே இருக்கும் ஒன்றை எங்கும் பார்க்க முடியாது. அதை உண்மை அலுவலகத்தின் பக்கத்தில் வைத்து, எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று கேட்பதற்குத்தான் அந்த உரு. நல்லது கெட்டது பற்றிப் பேச்சே இல்லை. மதங்களுக்கு ஐடியல் டைப் இருப்பதுபோல விலைமாதர் விடுதிகளுக்கும் இருக்கிறது என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். ‘இலட்சிய விலைமாதர் விடுதி’ என்று மொழிபெயர்க்க மலர் தயாரா?

மலர்:

தயாரில்லை! சரி, ‘இலட்சியம்’ போயிற்று. வேறு என்ன?

அறிவழகன்:

‘கருத்துரு வகை’. அல்லது ‘எண்ணுரு’. இரண்டுமே வேர் சுத்தமானவை. இந்தப் பணிப்பிரிவினை நமக்குப் புதிதும் இல்லை. ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்’ என்ற குறளைவிடவா வேபர் சொல்லிவிட்டார்?

பத்மா:

ஐயா, அந்தக் குறள் வேபருக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. குறளில் அரசன் ‘இவன்’ யார் என்று ஆராய்கிறான். ஆளைப் பார்த்து வேலை. வேபரிடம் வேலை முதலில் வரையறுக்கப்படுகிறது. தேர்வில் தேறிய எவரும் அதில் உட்காரலாம். ஆளைப் பாராமல் நடப்பதுதான் அதன் உயிர். குறளை வகுப்பில் நானும் சொல்வேன், ஆனால் வேறுபாட்டைக் காட்ட.

‘எண்ணுரு’ என்றால் எண் வடிவம் என்று படிப்பார்கள். என் வாக்கு ‘தூய வகை’க்கு. வேபரே பல இடங்களில் தூய வகை என்றுதான் சொல்கிறார்.

ஜோசப்:

வணக்கம். நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர், மொழியியல் தெரியாது. இரண்டாவது சொல்லுக்கு என் அனுபவம் உதவலாம்.

ஒரு பம்ப்பில் கசிவைத் தடுக்கும் சீல் போய்விட்டது. அந்தச் சீலைச் செய்பவர் ஒருவர்தான். கொள்முதல் விதியோ மூன்று விலைப்புள்ளி கேட்கிறது. ஒருவர்தான் செய்கிறார் என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். ‘விலைப்புள்ளி மூன்று இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. கடைசியில் விற்பவரே வேறு இரண்டு கம்பெனிகளின் தாளில் கூடுதல் விலை போட்டுக் கொண்டுவந்தார். அவர்கள் வாழ்நாளில் சீல் செய்ததில்லை. கோப்பு உடனே நகர்ந்தது. அதுவரை பம்ப் நின்றுகொண்டே இருந்தது. இதற்கு எதற்குப் புதுச் சொல்? ‘ஊழல்’ என்று எழுதுங்கள்.

ரஃபீக்:

ஜோசப், யாரும் காசு வாங்கவில்லையே. ஊழல் எங்கே?

பத்மா:

ஜோசப் சொன்னது அருமையான கேஸ். ஆனால் ஊழல் இல்லை. ஊழலைத் தடுக்க வந்த விதியின் கதை. விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், தெரிந்தவருக்கே வேலை போகக் கூடாது, இதற்காகத்தான் மூன்று விலைப்புள்ளி வந்தது. ஒப்பிட ஆளே இல்லாத இடத்தில் தாள் மூன்று இருந்தால் போதும் என்றாகிவிட்டது. பொய்த்தாள் இருந்த கோப்பு ‘சரி’, உண்மையைச் சொன்ன குறிப்பு ‘தவறு’.

மலரின் இயலில் வரும் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1940-இல் எழுதியது இதைத்தான். அவர் காட்டும் ஆள் பெர்ன்ட் பால்ச்சன், நார்வேயில் பிறந்த விமானி. 1927-இல் அமெரிக்கக் குடியுரிமைக்கு விருப்பம் தெரிவித்தார். 1929-இல் பர்ட் தலைமையிலான அமெரிக்கக் குழுவுக்காகத் தென்துருவத்தின்மேல் விமானம் ஓட்டினார். 1931-இல் அவருக்குக் குடியுரிமை இல்லை என்றார்கள். ஐந்தாண்டு தொடர்ந்து நாட்டில் வசிக்க வேண்டும், நீர் அண்டார்டிகாவுக்குப் போய்விட்டீர். போனது அமெரிக்கக் கொடி பறந்த கப்பலில், தங்கியது ‘லிட்டில் அமெரிக்கா’ என்றே பெயர் வைத்த முகாமில். அது அமெரிக்க மண் என்று எடுத்துக்கொள்ள எங்களுக்கு அதிகாரமில்லை, அது பன்னாட்டுப் பிரச்சினை என்றது அலுவலகம். பின்னாளில் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது, அது வேறு கதை.

அந்த அதிகாரி முட்டாளில்லை, சோம்பேறியுமில்லை. மெர்ட்டனின் கூர்மை இங்கேதான். அமைப்புக்கு நம்பகமான ஆள் வேண்டும். அதற்காக விதியைப் பிடித்துக்கொள்ளப் பழக்குகிறது. விதி தவறினால் பதவி உயர்வு போகும், விதிப்படி நடந்து காரியம் கெட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் தேவைக்குமேல் ஒரு சுற்று இறுக்கிப் பிடிக்கிறார். திறமையைத் தந்த அதே பழக்கம், விதி எழுதியவர் நினைத்துப் பார்க்காத ஒரு ஆள் முன்னால் வந்து நிற்கும்போது கையைக் கட்டிவிடுகிறது.

ஜோசப்:

ஆனால் அம்மா, எங்கள் கொள்முதல்காரருக்கு அந்த விதியில் நம்பிக்கையே இல்லை. தாள் பொய் என்று அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். உங்கள் அதிகாரி மனதார நம்பினார். இரண்டும் ஒன்றா?

பத்மா:

நல்ல கேள்வி. மெர்ட்டன் சொன்னது நம்பிக்கை வேரூன்றிப்போன நிலை. உங்களுடையது வெறும் சடங்கு. ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைக்க எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

அறிவழகன்:

சடங்கு என்றதும் தோன்றியது. பொறி! எந்திரமும் பொறி, எலி மாட்டுவதும் பொறி. எந்திரம்போல் வேகம் என்று வேபர் சொன்னதும், விதியில் மாட்டிக்கொள்வது என்று மெர்ட்டன் சொன்னதும் ஒரே சொல்லில். ‘விதிப்பொறி’. வேறு எந்த மொழியில் இது கிடைக்கும்?

ரஃபீக்:

ஐயா, இது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஆனால் ‘விதி’ என்றால் தலையெழுத்து என்றும் படிக்கலாமே. விதிப்பொறியில் சிக்கிய விமானி என்றால் சோகக் காவியம். தவிர, மாணவர் ஆங்கில நூலைத் தேடிப் போகும்போது எது எதற்கு நேர் என்று தெரியவும் வேண்டும். ‘இலக்குப் பெயர்ச்சி’ போதும். பெயர்ச்சி என்றாலே ஒன்று தன் இடத்தை விட்டு நகர்ந்தது என்று புரிந்துவிடும்.

அறிவழகன்:

சனிப்பெயர்ச்சியும் நினைவுக்கு வரும்.

ரஃபீக்:

வரட்டும். பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

மலர்:

எல்லோருக்கும் நன்றி. பதிப்பாசிரியர் இன்றே கேட்கிறார். இயலில் ‘தூய வகை’, ‘இலக்குப் பெயர்ச்சி’ இரண்டும் போகின்றன. ‘விதிப்பொறி’யை ஒரு துணைத்தலைப்பாக நுழைத்திருக்கிறேன், வெட்டாமல் விட்டால் சரி. ஜோசப்பின் பம்ப்பை, பெயர் எதுவும் இல்லாமல், பயிற்சிக் கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்: ‘இது இலக்குப் பெயர்ச்சியா, வெறும் சடங்கா? வாதிடுக.’

ஜோசப்:

சரி. ஒரே ஒரு சந்தேகம். என் மகளிடம் ‘தூய அதிகாரத்துவம்’ என்றால் என்ன என்று கேட்டேன். லஞ்சம் வாங்காத ஆபீஸ் என்கிறாள்.

பத்மா:

ஐயோ.

அறிவழகன்:

கருத்துரு வகை என்று நான் அன்றைக்கே சொன்னேன். இப்போதும் மாற்றலாம், அச்சுக்கு இன்னும் போகவில்லைதானே?