உதவி தேவை: காலை ஷிஃப்டில் ஓய்வு நேரத்தை எங்கே வைப்பது? 15 நிமிட டீ பிரேக் கணக்கில் சேருமா?

கிள்ளான்வாசி:
வணக்கம். கிள்ளானில் ஒரு மினிமார்க்கெட்டில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேலை அட்டவணை போடுவது என் பொறுப்பு. கடை காலை 8.00 முதல் இரவு 10.00 வரை.

காலை ஆட்கள் மூன்று பேர், 7.30 முதல் 4.30 வரை. மதிய ஆட்கள் 1.30 முதல் 10.30 வரை. இரண்டு ஷிஃப்டிலும் ஒரு மணி நேரம் சாப்பாட்டு ஓய்வு, அதற்குச் சம்பளம் இல்லை. பகுதி நேரமாக ஒரு பெண் 12.00 முதல் 6.00 வரை வருகிறார். மாலையில் ஒரு மாணவர் 5.30 முதல் 10.30 வரை.

12லிருந்து 2 வரை கூட்டம் அதிகம், எப்போதும் இரண்டு கவுண்டர் திறந்திருக்க வேண்டும். அதனால் மதிய ஆட்கள் வந்த பிறகு, 1.30க்குத்தான் காலை ஆட்களைச் சாப்பிட அனுப்புகிறேன். இடையில் 10 மணிக்கு 15 நிமிடம் டீ உண்டு. போன வாரம் ஓர் அக்கா, "ஆறு மணி நேரம் நிற்கவைக்கிறாயே தம்பி, கால் வீங்கிவிட்டது" என்றார். டீ பிரேக் கொடுத்தேனே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்வது தவறா?

ஜொகூர்க்காரன்:
தவறில்லை தம்பி. ஆறு மணி நேரம் வரை போகலாம். எங்கள் கம்பெனியில் அப்படித்தான் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

மணிக்கணக்கு:
ஜொகூர் அண்ணே, நீங்கள் தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவரா? ஆறு மணி நேரம் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். இங்கே மலேசியாவில் ஐந்து.

தம்பி, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவைப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு வேண்டும். பலர் படிக்காமல் விடுவது அதன் கீழே உள்ள வரியை. 30 நிமிடத்துக்குக் குறைந்த ஓய்வு அந்தத் தொடர்ச்சியை முறிக்காது. உங்கள் 15 நிமிட டீ நல்ல விஷயம், நிறுத்த வேண்டாம். ஆனால் கணக்கில் அது இல்லாதது மாதிரிதான். 7.30லிருந்து 1.30 வரை ஆறு மணி நேரமும் ஒரே நீட்டு. அந்த அக்கா சொன்னது சரி.

அட்டவணை போடும்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு எல்லை பாருங்கள். வேலை தொடங்கியதிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் ஓய்வு தொடங்க வேண்டும். ஓய்வு முடிந்தபின் மிச்ச வேலையும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 7.30 ஆளுக்கு 12.30க்குள் தொடங்க வேண்டும். 4.30லிருந்து ஐந்து மணி பின்னால் போனால் 11.30, அதற்கு முன் ஓய்வு முடியக் கூடாது. ஆக, ஒரு மணி நேர ஓய்வை 10.30க்கும் 12.30க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். மதிய ஆட்களுக்கு 4.30 முதல் 6.30 வரை.

இரவுக்காவல்:
இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். அதே சட்டத்தில், எட்டு மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கலாம், மொத்தம் 45 நிமிடம் சாப்பிட விட்டால் போதும் என்று இருக்கிறது. 15, 15, 15 என்று மூன்று தடவை கொடுத்துவிடுங்கள்.

மணிக்கணக்கு:
அந்த விதி இருக்கிறது, ஆனால் பாதியைத்தான் சொல்கிறீர்கள். நிறுத்தாமல் நடந்தே ஆக வேண்டிய வேலை, ஆளும் கூடவே இருந்தாக வேண்டும் என்றால்தான் அது பொருந்தும். அந்த 45 நிமிடமும் எட்டு மணி நேரத்துக்குள்ளேயே அடங்கும். மாற்றி உட்கார ஆள் இருக்கும் கடைக் கவுண்டரை அப்படிச் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

கிள்ளான்வாசி:
நன்றி அண்ணே. ஆனால் மூன்று பேரையும் ஒவ்வொருவராக அனுப்பினால் 10.30, 11.30, 12.30 என்று வருகிறது. 10.30க்கு யார் சோறு சாப்பிடுவார்? கடைசி ஆளுக்கு 12.30 என்றால் ஒரு வாடிக்கையாளர் நின்றாலே ஐந்து மணி தாண்டிவிடும்.

மணிக்கணக்கு:
இரண்டுக்கும் வழி இருக்கிறது. கடைசி ஆளின் ஷிஃப்டை மட்டும் 8.00 முதல் 5.00 ஆக்குங்கள். கடை திறக்க இரண்டு பேர் போதும். அவர் 12.00க்குச் சாப்பிடப் போகட்டும், அதே நேரம் பகுதி நேரப் பெண் வந்து கவுண்டரில் உட்காருவார். முன்னால் நான்கு மணி, பின்னால் நான்கு மணி. கொஞ்சம் தாமதமானாலும் இடம் இருக்கிறது.

முதல் ஆளுக்கு ஓய்வை இரண்டாகப் பிரியுங்கள். 10.30 முதல் 11.00 வரை பசியாற, மதிய ஆட்கள் வந்ததும் 1.30 முதல் 2.00 வரை சோறு. ஒவ்வொன்றும் முழு 30 நிமிடம் என்பதால் இரண்டும் செல்லும். இரண்டாவது ஆள் 11.00 முதல் 12.00. எந்த நேரத்திலும் ஒருவர்தான் வெளியே இருப்பார்.

மாலை மாணவரையும் பாருங்கள். 5.30 முதல் 10.30 சரியாக ஐந்து மணி நேரம். அதற்கு மேல் போனால்தான் ஓய்வு கட்டாயம், அதனால் தாளில் பிரச்சினை இல்லை. ஆனால் பணம் எண்ணி, ஷட்டர் இழுத்து அவர் நிஜமாக எத்தனை மணிக்குப் போகிறார்?

கிள்ளான்வாசி:
பெரும்பாலும் 10.45.

மணிக்கணக்கு:
அப்படியானால் தினமும் ஐந்தேகால் மணி. ஒன்று, 10.30க்கு அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் 8 மணி வாக்கில் அரை மணி ஓய்வு கொடுங்கள். அட்டவணையை மட்டும் பார்க்காமல் பஞ்ச் நேரத்தைப் பார்த்தால்தான் இது தெரியும்.

சமையல்கட்டு:
எங்கள் உணவகத்தில் வேறு மாதிரிச் சிக்கல். நோன்பு மாதத்தில் மலாய்க்காரப் பிள்ளைகள் நோன்பு திறக்க ஏழரையை ஒட்டி ஓய்வு கேட்கிறார்கள். 1.30 ஷிஃப்ட் ஆள் அதுவரை வேலை செய்தால் ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறதே? அவர்களாகக் கேட்டதுதானே என்று விட்டுவிடலாமா?

மணிக்கணக்கு:
விட வேண்டாம் அக்கா. அவர்கள் கேட்டதும் நியாயம், கணக்கும் நிற்க வேண்டும். 4.30 முதல் 5.00 வரை ஒன்று, 7.15 முதல் 7.45 வரை ஒன்று என்று வையுங்கள். முதல் அரை மணியில் சாப்பிட முடியாது, ஆனால் கால் நீட்டி உட்காரலாம், தொழலாம்.

சமையல்கட்டு:
சரி, அப்படியே செய்கிறேன். கிள்ளான் தம்பி, ஒன்று சொல்கிறேன். ஓய்வில் இருப்பவரை "ஒரு நிமிடம் வா" என்று கவுண்டருக்குக் கூப்பிடாதீர்கள். எங்கள் இடத்தில் அப்படித்தான் ஒரு பெண் 12 நிமிடத்தில் எழுந்து வந்து, பிறகு 18 நிமிடம் போய் உட்கார்ந்தாள். கூட்டினால் 30, ஆனால் ஒன்றுகூட ஓய்வு இல்லை. பாதிச் சோறு ஆறிக் கிடந்தது.

இரவுக்காவல்:
சரி, மினிமார்க்கெட்டுக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். நான் பெட்ரோல் நிலையத்தில் இரவு தனியாக இருக்கிறேன், 11 முதல் 7 வரை. மாற்ற ஆள் இல்லை. கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிட முதலாளி விடமாட்டார். இதற்கு 45 நிமிட விதி பொருந்தும்தானே?

மணிக்கணக்கு:
ஆள் வைக்காததால் நிறுத்த முடியாத வேலை வேறு, இயல்பிலேயே நிறுத்த முடியாத வேலை வேறு. உங்களுடையது எது என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பொருந்தும் என்றே வைத்தாலும், அந்த 45 நிமிடம் உங்களுக்குக் கிடைக்கிறதா? கதவைப் பூட்ட விடாவிட்டால் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? ஒரு வாரம் நேரத்தைக் குறித்து எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள்.

கிள்ளான்வாசி:
இன்று புதிய அட்டவணையில் ஓட்டிப் பார்த்தேன். அக்காவை 11.00க்கு அனுப்பினேன், சரியாக 12.00க்குத் திரும்பினார். 8.00 ஆள் மட்டும் 12.20க்குத்தான் போக முடிந்தது, பகுதி நேரப் பெண்ணின் பேருந்து தாமதம். நாளையிலிருந்து அவரை 11.45க்கு வரச் சொல்லி, 5.45க்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். அவருக்கும் ஆறு மணி நேரத்தில் அரை மணி ஓய்வு வைக்க வேண்டும், 3 மணிக்கு வைத்திருக்கிறேன்.