லாபம் பார்த்துத் தரவேண்டிய 20 லட்சம், கணக்கு ஒத்துவரவில்லை. அவசரம்

லேத்_கோவை: வணக்கம். போன ஏப்ரலில் ஒரு சின்ன லேத் பட்டறை கைமாறியது. 80 லட்சம் கையோடு, மீதி 40 லட்சம் அடுத்த இரண்டு வருஷ லாபத்தைப் பொறுத்து. ஒரு வருஷத்தில் 24 லட்சம் லாபம் வந்தால் 20 லட்சம், வராவிட்டால் ஒன்றும் கிடையாது. முதல் வருஷம் ஆடிட்டர் போட்ட லாபம் 17.8 லட்சம். எதிர்த்தரப்புக்காரரோ 27 வருகிறது என்கிறார். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பேசுகிறோம். என்ன சொல்வது?

மலர்விழி: நீங்கள் வாங்கியவரா, விற்றவரா? அதைச் சொல்லவே இல்லையே.

பேக்கரி_மதுரை: விடாதீங்க அண்ணா. நான் கடையை விற்றபோதும் இதே கதைதான். வாங்கினவர் வீட்டுக் கார் டீசல் வரைக்கும் கடைச் செலவில் ஏற்றி, லாபமே இல்லை என்றார். வவுச்சரை எல்லாம் கேளுங்க.

பழைய_பேரேடு: எந்த லாபம் தம்பி? வட்டிக்கு முன்னாலா, தேய்மானத்துக்கு அப்புறமா? இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லாரும் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஒப்பந்தத்தில் உள்ள வரியை அப்படியே போடுங்கள்.

லேத்_கோவை: மன்னிக்கவும், வாங்கியவன் நான்தான். ஒப்பந்தத்தில் "நிகர லாபம்" என்று மட்டும்தான் இருக்கிறது. நவம்பரில் கடன் வாங்கி 22 லட்சத்துக்கு ஒரு விஎம்சி மெஷின் போட்டேன். அதன் தேய்மானம் 1.65, வட்டி 0.7. கட்டடம் அவருடையது, இப்போது வாடகை மாதம் 30 ஆயிரம். ஜூலையிலிருந்து மேனேஜருக்கு மாதம் 35 ஆயிரம். இதெல்லாம் என் செலவாம், கழிக்கக்கூடாதாம்.

பேக்கரி_மதுரை: அடடா, மாற்றிப் புரிந்துகொண்டேன். ஆனாலும் வவுச்சரைக் காட்டுங்க.

சித்ரா_ஆடிட்டர்: முதலில் ஒன்று. அந்த 24 எங்கிருந்து வந்தது? அவருடைய பழைய கணக்கிலிருந்து என்றால், அதில் வாடகை இருந்ததா? சொந்தக் கட்டடத்துக்கு யாரும் தனக்குத்தானே வாடகை போட்டுக்கொள்வதில்லை. தனக்குச் சம்பளமும் எழுதியிருக்க மாட்டார். இலக்கை எந்தப் படியால் அளந்தீர்களோ அதே படியால்தான் இந்த வருஷத்தையும் அளக்கவேண்டும்.

அப்படிப் பார்த்தால் 17.8-உடன் வருஷ வாடகை 3.6-ஐக் கூட்டுங்கள், 21.4. மெஷின் தேய்மானமும் வட்டியும் சேர்த்தால் 23.75. ஆனால் மெஷின் செலவை விலக்கினால் அது சம்பாதித்ததையும் விலக்கவேண்டும். விஎம்சியில் ஓடிய வேலையை ஜாப் கார்டு வைத்துப் பிரித்துப் பாருங்கள். கடைசியில் எல்லாம் மேனேஜர் சம்பளத்தில்தான் நிற்கும். ஒன்பது மாதத்துக்கு 3.15 லட்சம். மேனேஜரை ஏன் வைத்தீர்கள்?

லேத்_கோவை: ஒரு வருஷம் கூடவே இருந்து கஸ்டமர்களைப் பழக்கிவிடுவதாகச் சொன்னார். மூன்று மாதத்தில் நின்றுவிட்டார். வாய்ப்பேச்சுதான், எழுத்தில் இல்லை. 24 அவருடைய பழைய கணக்குதான், வாடகை, சம்பளம் எதுவும் அதில் இல்லை.

பழைய_பேரேடு: வாய்ப்பேச்சு! வேறென்ன சொல்ல.

டெக்ஸ்_ஈரோடு: லாபத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? விற்பனைத் தொகையில் சதவீதம் என்று வைத்திருந்தால் ஜிஎஸ்டி ரிட்டர்னைப் பார்த்தாலே போதும். அதில் யாரும் விளையாட முடியாது.

மலர்விழி: விளையாடலாமே. விற்றவரே ஆர்டர் பிடிக்கும் இடத்தில் இருந்தால், அடிமட்ட ரேட்டுக்கு ஜாப் ஒர்க்கை அள்ளிப்போட்டு விற்பனையைக் காட்டிவிடுவார். நஷ்டம் வாங்கினவர் தலையில்.

டெக்ஸ்_ஈரோடு: இங்கேதான் அவர் மூன்று மாதத்தில் போய்விட்டாரே!

மலர்விழி: ஒப்பந்தம் போடும்போது அது யாருக்குத் தெரியும்?

லேத்_கோவை: இன்னொன்று. பழைய கஸ்டமர் பாக்கி 3.2 லட்சம் வசூலாகவில்லை. இந்த 20 லட்சத்தில் பிடித்துக்கொள்ளலாமா?

சித்ரா_ஆடிட்டர்: கைமாறிய நாளில் பாக்கி, சரக்கு, கொடுக்கவேண்டியது மூன்றையும் எண்ணி, குறைந்தால் விலையில் கழிப்போம் என்று எழுதியிருந்தீர்களா? வராத பாக்கி பின்னால் தரவேண்டியதில் பிடித்துக்கொள்ளப்படும் என்ற வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் நீங்களாகப் பிடிக்காதீர்கள், பணம் தராதவர் என்று உங்கள் மேலேயே வழக்கு வரும். பாக்கியைத் தனியாக எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாம் வருஷத்துக்காவது இந்தச் செங்குத்துப் படியை மாற்றுங்கள். 23.75 வந்தால் பூஜ்யம், 24 வந்தால் 20 லட்சம் என்றால் யார்தான் செலவைத் தள்ளிப்போட மாட்டார்கள்? 18 லட்சத்தில் தொடங்கி 24-இல் முழுத்தொகை என்று சரிவாக வைத்தால், 21 வந்தால் 10 லட்சம். எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று ஒரு மாதிரிக் கணக்கையும் பின்னிணைப்பாகப் போட்டு, இரண்டு ஆடிட்டர்களும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் சொல்வதே முடிவு என்று ஒரு வரி சேருங்கள்.

பேக்கரி_மதுரை: இதை எனக்கு நாலு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம்.

லேத்_கோவை (ஆறு நாள் கழித்து): விஎம்சி வேலை பிரித்துப் பார்த்ததில் கூலி, டூல், கரண்ட் போக 1.4 லட்சம். அதைக் கழித்தால் 22.35, மேனேஜரைச் சேர்த்தால் 25.5. வாடகையை நான் ஒத்துக்கொண்டேன், மெஷினை அவர் ஒத்துக்கொண்டார். மேனேஜரில் நின்றுவிட்டோம். அவர் 12 கேட்கிறார், நான் 8 சொல்லியிருக்கிறேன். லோடு வந்திருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

பழைய_பேரேடு: எழுத்தில் வாங்குங்கள்.