வாடகை வீடு காலி செய்கிறேன்: ஈபி, கேஸ், நெட் மூன்றையும் என்ன செய்வது?

குமரன்: ஜூலை 1 அன்று வேளச்சேரி வீட்டைக் காலி செய்து மதுரைக்குப் போகிறேன். ஈபி ஓனர் பெயரில், கேஸும் நெட்டும் என் பெயரில். புதிதாக வருகிறவர் "எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்" என்கிறார். விடலாமா? ஈபியில் கடைசி ரீடிங் ஜூன் 5, 14,320. அடுத்தது ஆகஸ்டில்தான், அதுவரை ஓனர் அட்வான்ஸைத் தர மாட்டாராம்.

செல்வி: ஈபியை உங்க பெயருக்கு மாத்தியிருந்தா இந்தத் தொல்லையே இல்லை. 100 யூனிட் இலவசமும் அப்போதான் கிடைக்கும்.

ராஜகோபால்: இல்லைம்மா, இலவசம் இணைப்புக்குத்தான், யார் பெயரில் இருந்தாலும் கழியும். வாடகைக்கு இருப்பவர் பெயர் மாற்ற வேண்டியதில்லை. குமரன், சாவி கொடுக்கும்போது மீட்டரைப் போட்டோ எடுத்து ஓனருக்கும் புதியவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஈபி எஸ்எம்எஸ் உங்கள் நம்பருக்கு வந்தால், அதைப் புதியவர் நம்பராக மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பில் வந்ததே தெரியாமல் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

கேஸை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிலிண்டரும் ரெகுலேட்டரும் உங்கள் பெயரில்தான் இருக்கும், நாளைக்கு ஏதாவது ஆனால் உங்களைத்தான் கேட்பார்கள். வேறு ஊர் என்பதால் இரண்டையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்குங்கள், டெபாசிட்டும் திரும்பக் கிடைக்கும். மதுரையில் அந்த வவுச்சரைக் காட்டி மறுபடி டெபாசிட் கட்டினால் இணைப்பு தொடரும். அடுப்பு உங்களுடையது, எடுத்துக்கொண்டு போகலாம்.

லண்டன் பாலா: இங்கே குடிவந்த அன்றைக்கே ரீடிங்கை சப்ளையருக்கு அனுப்பினால் அந்தத் தேதியிலிருந்து நம் பெயரில் கணக்கு தொடங்கிவிடும். அங்கேயும் அப்படிக் கேளுங்களேன்?

ராஜகோபால்: இங்கே இடையில் பில் போட மாட்டார்கள் தம்பி, அதுதானே சிக்கலே.

குமரன்: சரி சார், இன்று மீட்டர் 14,500ஐத் தாண்டிவிட்டது, காலி செய்யும்போது 14,530 இருக்கும். என் கணக்கு 210 யூனிட். அதற்கு மட்டும் ஸ்லாப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகட்டுமா?

மீனா: அப்படிச் செய்தால் இலவச 100 முழுக்க உங்களுக்கே போய்விடும், வருகிறவர் ஒத்துக்க மாட்டார். அவர் 340 ஓட்டினால் மொத்தம் 550. 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலையும் போய்விடும், பில் எகிறும். நாங்க காலி செய்தப்போ மொத்த பில்லையும் யூனிட் விகிதத்தில் பிரிச்சோம், 210க்கு 340 மாதிரி.

குமரன்: நான் போன பிறகு அவர் ஏசி போட்டு 500ஐத் தாண்டினால் அதற்கு நான் ஏன் கூடுதலாகக் கட்டணும்?

மீனா: நியாயம்தான். ஆனா இதுக்கு எந்த விதியும் இல்லை, பேசித்தான் முடிக்கணும்.

ராஜகோபால்: அட்வான்ஸில் ஒரு தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை இப்போதே தரச் சொல்லிப் பாருங்கள். நெட்டைப் பொறுத்தவரை, ஆட்டோபேயை நிறுத்திவிட்டு, ரூட்டரைத் திருப்பிக் கொடுத்து, கையோடு ரசீது வாங்குங்கள். சுவரில் ஃபைபர் ஒயர் இருக்கட்டும், புதியவர் தன் பெயரில் புது இணைப்பு எடுத்துக்கொள்ளட்டும்.

குமரன்: சிலிண்டரில் பாதி கேஸ் இருக்கே, அதற்குப் பணம் தருவார்களா?

செல்வி: எங்களுக்கு ஒண்ணும் தரலை. தீர்ற வரைக்கும் சமைச்சுட்டுக் கொண்டுபோங்க.