பதினாறாம் இலக்கத்தைப் பார்க்காத எண்ணிக்கை: தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

உமையாள், கானாடுகாத்தான்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கலைச்சொல் வேண்டும். விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் பழைய வீடு ஒன்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு நுழைவுச் சீட்டு உண்டு. சீட்டு எண் 16 இலக்கம். வாசலில் நிற்கும் தம்பி ஸ்கேன் செய்யும் எண்கள் சாயங்காலம் எக்செல் கோப்பாக என்னிடம் வரும். ஒரே சீட்டில் பலர் நுழைகிறார்களா என்று பார்க்க, கணக்கைச் சரிபார்க்க வந்த ஒருவர் பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே வரை இழுத்தார்:

```
=COUNTIF($A$2:$A$301,A2)
```

300 வரிசையில் பெரும்பாலானவற்றில் 10 என்று வந்தது. ஒரு சீட்டுக்குப் பத்துப் பேரை உள்ளே விட்டாயா என்று அந்தத் தம்பியைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் எண்களைப் பாருங்கள்: 4207112600315841, அடுத்தது 4207112600315842, அதற்கடுத்தது 4207112600315843. கடைசி இலக்கம் வேறுவேறுதான். முதல் 15 இலக்கத்தோடு ஒப்பீடு நின்றுவிடுகிறது என்று எனக்குப் புரிகிறது. “கம்ப்யூட்டர் தப்பாக எண்ணுமா?” என்று கேட்பவர்களுக்குப் புரியவைக்கத்தான் முடியவில்லை. ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, கணக்குப் பார்க்கும் எல்லோருக்கும் கொடுக்கப்போகிறேன். தலைப்புக்கு “பொய் இரட்டிப்பு” என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

சொக்கலிங்கம், தேவகோட்டை

உமையாள், “இரட்டிப்பு” என்றால் இரண்டு மடங்கு. உனக்கு வந்தது பத்து. அதனால் அந்தச் சொல் ஒட்டாது.

காரணத்தையும் சரியாகப் பிடிக்க வேண்டும். எக்செல் எண்களை 64 பிட்டில் வைக்கிறது. அதில் 53 பிட் எண்ணின் துல்லியத்துக்கு. 2-இன் 53-ஆம் அடுக்கு 9007199254740992. உன் சீட்டு எண் 4-இல் தொடங்குகிறது, அதைவிடச் சிறியது, ஆகவே முழுதாக உள்ளே அடங்கும். எனவே இது திரையில் காட்டுவதில் உள்ள கோளாறாகத்தான் இருக்க வேண்டும். கட்டத்தின் ஓரத்தில் பச்சை முக்கோணம் தெரிந்தால் அதை அழுத்தி, எண்ணாக மாற்றச் சொல்லிவிடு. பிறகு COUNTIF சரியாக எண்ணும். “காட்சிப் பிழை” என்று தலைப்பு வைக்கலாம்.

ஜமால், காரைக்குடி

உமையாள், தயவுசெய்து அந்தப் பச்சை முக்கோணத்தைத் தொடாதே. எதைச் செய்வதற்கு முன்னும் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வை.

சொக்கலிங்கம் அண்ணே, 53 பிட் கணக்கில் நீங்கள் சொன்னது சரி. 4207112600315841 அதில் அடங்கும். ஆனால் எக்செல் அந்த இடத்துக்குப் போகவே விடுவதில்லை. எண்ணாக எடுத்துக்கொள்ளும்போது 15 இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதைச் சுழியாக்கிவிடும். வெற்றுக் கட்டத்தில் 4207112600315847 என்று தட்டிவிட்டு, மேலே சூத்திரப் பட்டையில் பாருங்கள். 4207112600315840 என்றுதான் இருக்கும். இது திரையில் மட்டும் தெரிகிற கோளாறாக இருந்தால் பட்டையிலாவது 7 தெரிய வேண்டும், தெரியாது. பிறகு கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் அந்த 7 திரும்பாது.

உமையாளின் கோப்பில் கடைசி இலக்கம் தெரிகிறது என்றால் எண்கள் டெக்ஸ்டாக வந்திருக்கின்றன. அதனால்தான் பச்சை முக்கோணம். அங்கே எண்ணாக மாற்றினால் 300 சீட்டின் கடைசி இலக்கமும் போய்விடும்.

அப்படியானால் COUNTIF ஏன் தப்பாக எண்ணியது? எண்ணைப் போலத் தெரிகிற டெக்ஸ்டைக் கண்டால், COUNTIF ஒப்பிடுவதற்கு முன் அதைத் தானாகவே எண்ணாக்கிக்கொள்ளும். கேட்கும் மதிப்பையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும், வரிசையில் உள்ளதையும் அப்படித்தான். 841, 842 என்று முடியும் இரண்டுமே 840 ஆகிவிடும். சமம் என்று சொல்லிவிடும். கட்டத்தில் இருப்பது கெடாது. ஒப்பிடும் நேரத்தில் மட்டும் கடைசி இலக்கம் காணாமல் போகிறது. SUMIF-க்கும் இதே பழக்கம் உண்டு.

இதைப் போட்டுப் பார்:

```
=SUMPRODUCT(--($A$2:$A$301=A2))
```

சமக்குறி டெக்ஸ்டை டெக்ஸ்டாகவே ஒப்பிடும். 16 இலக்கமும் கணக்கில் வரும். சிலர் COUNTIF-லேயே `A2&"*"` என்று போடச் சொல்வார்கள். எல்லா எண்ணும் டெக்ஸ்டாகவும் ஒரே நீளமாகவும் இருந்தால் அதுவும் சரியாக வரும். நீளம் வேறுபட்டால், அந்த எண்ணில் தொடங்கும் நீளமான எண்ணையும் சேர்த்து எண்ணிவிடும்.

போடுவதற்கு முன் ஒன்று பார்த்துச் சொல். பழைய எண்ணிக்கையில் எங்காவது 10-க்கு மேல் இருக்கிறதா?

லட்சுமணன், புதுவயல்

ஜமால் பாய், இதே தொந்தரவு எங்கள் அரிசி ஆலையிலும் இருக்கிறது. மூட்டை வரிசை எண் 00715 என்று அடித்தால் 715 ஆகிவிடுகிறது. முன்னால் இருக்கிற இரண்டு சுழியையும் விழுங்கிவிடுகிறது. “விழுங்கிய எண்” என்று வைத்தால் யாருக்கும் புரியும்.

உமையாள்

ஜமால் அண்ணே, நகல் எடுத்துவிட்டுப் போட்டேன். 300 வரிசையில் நான்கில் மட்டும் 2, மற்ற எல்லாம் 1. அதாவது இரண்டு சீட்டுகள் உண்மையாகவே இரண்டு முறை ஸ்கேன் ஆகியிருக்கின்றன. பழைய எண்ணிக்கையில் ஒரு பத்துச் சீட்டுக் கூட்டத்தில் 11 இருந்தது. இரண்டில் ஒன்று அதற்குள் இருக்கிறது. இன்னொன்று 9 என்று காட்டிய கூட்டத்தில் இருந்தது.

தம்பியிடம் கேட்டேன். ஒருவர் காருக்குப் போய்த் திரும்பி வந்ததாகச் சொல்கிறான், மற்றது நினைவில்லை என்கிறான்.

ஜமால்

நான் அந்த 11-ஐத்தான் தேடினேன். முதல் 15 இலக்கம் ஒன்றாக இருக்கிற வெவ்வேறு எண்கள் அதிகபட்சம் பத்துதான் இருக்க முடியும், 0 முதல் 9 வரை. ஆகவே 11 வந்தால் அங்கே ஏதோ ஒன்று உண்மையாகவே திரும்ப வந்திருக்கிறது. 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் எதையும் சொல்ல முடியாது. உன் 9-ஐப் பார். அந்தக் கூட்டத்தில் எட்டுப் பேர் வந்து, ஒரு சீட்டு இரண்டு முறை ஸ்கேன் ஆகி, ஒன்பது வரிசை. பார்ப்பவருக்கு ஒன்பது பேர் வந்த கூட்டம் மாதிரியே தெரியும். இல்லாத குற்றத்தைக் காட்டியது ஒருபுறம் இருக்க, இருக்கிற ஒன்றை மறைத்தும்விட்டது. இதை உன் பக்கத்தில் கட்டாயம் எழுது. பாதிப் பேர் “அதிகமாகத்தானே எண்ணும், பரவாயில்லை” என்று விட்டுவிடுவார்கள்.

பெயருக்கு வருவோம். இங்கே இரண்டு கேடுகள் இருக்கின்றன. ஒன்றில் எண்ணே மாறிவிடுகிறது, மீட்க வழியில்லை, மூலக் கோப்பைத்தான் திரும்பக் கேட்க வேண்டும். மற்றதில் எண் அப்படியே இருக்கிறது, ஒப்பீடு மட்டும் குறைபட்டது, சூத்திரத்தை மாற்றினால் சரியாகிவிடும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், மீட்கக்கூடியதை மீட்க முடியாது என்று விட்டுவிடுவார்கள். மீட்க முடியாததற்குச் சூத்திரத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மெய்யம்மை, பள்ளத்தூர்

உமையாள், ஜமால் தம்பி சொன்னபிறகுதான் எனக்கு விளங்கியது. நான் தமிழ் நடத்தியவள், கணக்கில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லுக்கு மட்டும் வருகிறேன்.

இரண்டாவதுக்கு இலக்கணத்திலேயே இணை இருக்கிறது. ல, ள, ழ எழுத்தில் வேறு, கேட்பவர் காதில் ஒன்றாகிவிடும். அவற்றை மயங்கொலி என்கிறோம். இந்தச் சீட்டு எண்களும் கட்டத்தில் வேறு, COUNTIF காதில் ஒன்று. மயங்கெண் என்று சொல்லலாம். முதல் 15 இலக்கம் ஒத்து, அதற்குப் பின் வேறுபடுகிற எண்கள் மயங்கெண்கள்.

முதலாவதுக்கு, ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதுபோல ஈறுகெட்ட எண்.

சொக்கலிங்கம்

ஆச்சி, “ஈறுகெட்ட” பொருந்தவில்லை. கெடுதல் என்றால் இல்லாமல் போவது. இங்கே கடைசி இலக்கம் இல்லாமல் போகவில்லை, 7 இருந்த இடத்தில் 0 வந்து உட்காருகிறது. எண்ணிப் பார்த்தால் இன்னும் 16 இலக்கம். அது திரிதல். அதனால்தான் நீளத்தைப் பார்த்து ஏமாறுகிறோம். முக்கோணத்தைப் பற்றி ஜமால் சொன்னதைச் செய்து பார்த்தேன், சரிதான். நான் 53 பிட்டோடு நின்றுவிட்டேன்.

மயங்கெண்ணிலும் ஒரு கேள்வி. மயங்குவது எண்ணா, COUNTIF-ஆ? SUMPRODUCT-இல் அதே எண்கள் மயங்குவதில்லையே.

மெய்யம்மை

திரிதல் என்று நீ சொல்வதே சரி தம்பி. ஈறுதிரிந்த எண் என்று மாற்றிக்கொள்ளலாம். எல்லா எண்ணும் சுழியில் முடிந்தால் ஈறு திரிந்திருக்கிறது என்று அடையாளமும் சொல்லிவிடலாம்.

மயக்கம் கேட்கிற காதைப் பொறுத்ததுதான். லகர ளகரம் தெளிவாகக் கேட்கிறவர்களும் உண்டு. அதற்காக அவற்றை மயங்கொலி அல்ல என்று சொல்வதில்லை. பெயர் எண்ணுக்கு இருக்கட்டும். COUNTIF செய்வதை பதினைந்திலக்க ஒப்பீடு என்று நேராகவே சொல்லுங்கள். அதற்கு அலங்காரம் வேண்டாம்.

சொக்கலிங்கம்

ஒப்பீட்டுக்கு அந்தப் பெயரை ஏற்கிறேன். மயங்கெண்ணை இன்னும் ஏற்கவில்லை. குற்றம் எண்ணின்மேல் விழுகிற மாதிரி இருக்கிறது. பள்ளிப் பாடநூலில் முக்கிய எண்ணுருக்கள் என்று ஒரு சொல் இருக்கிறது. அதை ஒட்டி ஏதாவது அமையுமா என்று பார்க்கிறேன்.

லட்சுமணன்

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 00715-உம் 715-உம் மயங்கெண்ணா இல்லையா?

ஜமால்

லட்சுமணன், மன்னிக்கணும். உங்களுடையது வேறு விஷயம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பாதி உறவு இருக்கிறது. எண்ணாக அடிக்கும்போது முன்சுழி போவதற்கும் 15 இலக்க வரம்புக்கும் தொடர்பில்லை. உங்கள் எண்ணில் ஐந்து இலக்கம்தான். அடிப்பதற்கு முன் கட்டத்தை டெக்ஸ்டாக மாற்றினால் சுழி நிற்கும். ஆனால் நின்ற பிறகும் COUNTIF அதை எண்ணாக்கிப் பார்ப்பதால் 00715-ஐயும் 715-ஐயும் ஒன்றாகவே எண்ணும். உங்கள் ஆலையில் இந்த இரண்டும் வெவ்வேறு மூட்டை என்றால், ஆச்சியின் சொல் உங்களுக்கும் பொருந்தும். அப்போது மயங்கெண்ணுக்கு 15 இலக்கத்தை வைத்துச் சொன்ன விளக்கம் போதாது. COUNTIF எண்ணாக்கிப் பார்க்கும்போது ஒன்றாகிவிடுகிற வெவ்வேறு டெக்ஸ்டுகள் என்று விரிக்க வேண்டும். ஆச்சி, இது உங்களுக்குச் சம்மதமா?

உமையாள்

ஆச்சி பதில் எழுதும் வரை என் பக்கத்தில் மயங்கெண், ஈறுதிரிந்த எண், பதினைந்திலக்க ஒப்பீடு என்ற மூன்றையும் போட்டு, சொக்கலிங்கம் அண்ணனின் மறுப்பையும் மயங்கெண்ணுக்குக் கீழே எழுதி வைக்கிறேன். தம்பியை விசாரித்தவரிடம் நேற்று 300 வரிசையையும் இரண்டு சூத்திரத்தோடு காட்டினேன். 11, 9 இரண்டையும் பார்த்துவிட்டு, பழைய வாரக் கோப்புகளையும் கேட்டிருக்கிறார். அவற்றில் மூன்று, சி.எஸ்.வி. கோப்பை நேராகத் திறந்து சேமித்தவை. எண்கள் எல்லாம் சுழியில் முடிகின்றன. அந்த வாரங்களுக்கு ஸ்கேன் கருவியிலிருந்து மூலக் கோப்பு கிடைக்குமா என்று சீட்டு அச்சடித்தவர்களைக் கேட்டிருக்கிறேன்.