இருமத் தேடலில் ஓரம் பிசகுவதற்கு என்ன சொல்?

பவானி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்காக இருமத் தேடல் பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். தேடும் பகுதியின் ஓரம் ஓர் இடம் முன்னேயோ பின்னேயோ போய்விடுகிறதே, ஆஃப்-பை-ஒன் என்கிறோமே, அதற்கு ஒரு சொல் வேண்டும். வரைவில் 'ஓரெண் பிழை' என்று போட்டேன், வாசித்தவர்கள் ஏதோ ஓர் எண்ணில் பிழை என்று புரிந்துகொள்கிறார்கள். 'எல்லைப் பிழை' என்றால் பட்டியலுக்கு வெளியே போய்ப் படிக்கும் பிழையோடு குழம்பும். 'ஒன்று பிசகு' எப்படி? காதுக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பாடநூலில் நிற்குமா என்று தெரியவில்லை.

ராகவன் எழுதியது:

பவானி, சொல் எதுவானாலும் சரி, காரணத்தைச் சரியாக எழுதுங்கள். இந்தப் பிழை வருவதே நடு இடத்தைக் கணக்கிடுவதில்தான். `(lo + hi) / 2` என்று எழுதாமல் `lo + (hi - lo) / 2` என்று எழுதினால் பிரச்சினை முடிந்தது. ஜாவாவின் நூலகத்திலேயே இந்தப் பிழை பல வருடம் இருந்து, 2006-ல் அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே அதைப் பற்றி எழுதிய பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. ஆகவே 'நடுப்பிழை' என்றே வைக்கலாம் என்பது என் கருத்து.

மாலதி எழுதியது:

ராகவன் சொன்ன 2006 விஷயம் உண்மைதான், ஆனால் அது வேறு பிழை. 32 பிட் முழு எண்ணில் `lo + hi` 2147483647-ஐத் தாண்டினால் கூட்டுத்தொகை எதிர்மறையாகிவிடும், அதனால் நடு இடமும் எதிர்மறையாகும். பட்டியலில் நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால்தான் அது நடக்கும். பவானி கேட்பது ஐந்து உறுப்புப் பட்டியலிலேயே வரும் பிழை. கழித்து எழுதினாலும் அது அப்படியே இருக்கும், முழு எண்ணுக்கு வரம்பே இல்லாத பைத்தானிலும் இருக்கும்.

பிழை எங்கே பிறக்கிறது என்றால், `lo`, `hi` இரண்டும் எதைக் குறிக்கின்றன என்று முடிவு செய்யாமலே எழுத ஆரம்பிப்பதில். நான் எப்போதும் ஒரே முடிவோடுதான் எழுதுவேன்: `lo` முதல் `hi`-க்கு முந்தைய இடம் வரை இன்னும் பார்க்காத பகுதி. தேடும் எண் x என்றால், `lo`-வுக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் x-ஐவிடச் சிறியது என்று தெரிந்தாகிவிட்டது, `hi`-யும் அதற்கு வலப்பக்கமும் x-ஐவிடச் சிறியதல்ல என்று தெரிந்தாகிவிட்டது. இதை வைத்துக்கொண்டால் மற்ற வரிகள் தாமாக அமையும்.

```python
lo, hi = 0, len(a)
while lo < hi:
    mid = lo + (hi - lo) // 2
    if a[mid] < x:
        lo = mid + 1
    else:
        hi = mid
```

ஆரம்பத்தில் எதையும் பார்க்கவில்லை, அதனால் `hi` என்பது `len(a)`. `a[mid]` சிறியது என்றால் அந்த இடமும் இடப்பக்கக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது, அதனால் `mid + 1`. சிறியதல்ல என்றால் `hi` அந்த இடத்திலேயே நிற்கலாம், ஏனென்றால் `hi` எப்போதுமே பார்க்காத பகுதிக்கு வெளியே இருப்பது. இங்கே சமச்சீராக இருக்கட்டும் என்று `lo = mid` போட்டால், ஓர் உறுப்பு மிஞ்சும்போது `mid`-ம் `lo`-வும் ஒன்றாகிச் சுழற்சி முடியவே முடியாது.

இப்போது ஒருவர் `hi`-யை மட்டும் `len(a) - 1` என்று தொடங்கி, மீதியை அப்படியே விட்டார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் 3, 7, 7, 12, 20. 7-ஐத் தேடினால் 1 வரும், சரி. இருபதைத் தேடினால் 4, அதுவும் சரி. 25-ஐ எங்கே செருகலாம் என்று கேட்டால்? `lo` 0, 3, 4 என்று நகர்ந்து 4-ல் நின்றுவிடும். 4-ல் இருக்கும் இருபதை அது ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சரியான விடை 5. அந்த 4-ஐ நம்பிச் செருகினால் 25-க்குப் பின்னால் 20 வந்து, பட்டியலின் வரிசையே கெட்டுவிடும். அதாவது எல்லாவற்றையும்விடப் பெரிய x வந்தால் மட்டுமே வெளியே தெரியும் பிழை இது. அதனால்தான் சோதனைகளில் தப்பிவிடுகிறது.

சொல் என்றால், பிழைக்குப் பெயர் வைப்பதற்கு முன் அந்த விடைக்குப் பெயர் வையுங்கள் என்பேன். சிறியவை முடிந்து மற்றவை தொடங்கும் இடம், 0 முதல் `len(a)` வரை எதுவாகவும் இருக்கலாம். 'வெட்டிடம்' எனலாமா?

இளங்கோ எழுதியது:

எங்கள் அலுவலகத்திலும் இதே பிழைதான் அக்கா. பார்சல் எடைக்குக் கட்டணம் போடும் நிரல். 500 கிராம் வரை ஒரு கட்டணம், அப்புறம் 1000 வரை, 2000 வரை, 5000 வரை. சரியாக 500 கிராம் இருக்கும் பார்சலுக்கெல்லாம் அடுத்த படியின் கட்டணம் விழுந்தது, வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எழுதியவர் `bisect_right` போட்டிருந்தார், `bisect_left` என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. அதனால் பைத்தானின் `bisect_right`-ல் ஒன்று பிசகு இருக்கிறது என்று கையேட்டில் ஓர் எச்சரிக்கை போடலாம்.

மாலதி எழுதியது:

இல்லை இளங்கோ, `bisect_right` சரியாகத்தான் வேலை செய்தது. x-ஐவிடப் பெரியது எங்கே தொடங்குகிறது என்று அதைக் கேட்டால், 500-க்கு 1 என்பதுதான் விடை. உங்களுக்குத் தேவை x-ஐவிடச் சிறியதல்லாதது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி. அதற்கு விடை 0. கட்டணப் பட்டியலில் '500 வரை' என்றில்லாமல் '500-க்குக் கீழ்' என்று இருந்திருந்தால் `bisect_right`தான் பொருத்தம். தேடலில் பிழையில்லை, கேள்வி மாறிப்போயிருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். 5001 கிராம் வந்தால் விடை 4, உங்களிடம் இருக்கும் கட்டணங்களோ 0 முதல் 3 வரை. `a[lo]`-வைத் தொடுவதற்கு முன் `lo < len(a)` என்று கேட்கிறதா உங்கள் நிரல்?

இளங்கோ எழுதியது:

பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. இன்றே சேர்க்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். கேள்வி மாறியதாக இருந்தாலும் விடை ஒன்றுதானே தள்ளிப்போனது, வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றுதானே? 'ஒன்று பிசகு' என்றால் அதில் என்னுடையதும் சேர வேண்டாமா?

ராகவன் எழுதியது:

சேரக் கூடாது. சொல் காரணத்தைச் சுட்ட வேண்டும், விளைவை அல்ல. 'நடுப்பிழை' இங்கே பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன், அதைக் கூட்டல் வழிந்துபோகும் பிழைக்கே வைத்துக்கொள்வோம். ஆனால் 'வெட்டிடம்' வேண்டாம் மாலதி. இரண்டு எழுத்து மாறினால் 'வெற்றிடம்' ஆகிவிடும், தட்டச்சில் நிச்சயம் மாறும், அச்சிலும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

மாலதி எழுதியது:

நியாயம்தான். 'பிரிவிடம்' என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் இரண்டாகப் பிரியும் இடம் என்று படித்தவுடன் புரியும். ஆனால் விளைவைச் சுட்டும் சொல் கூடாது என்பதை நான் ஏற்கவில்லை ராகவன். நிரலை ஓட்டுபவர் முதலில் பார்ப்பது விளைவைத்தான். விடை ஒன்று தள்ளியிருக்கிறது என்று பெயரிட்ட பிறகுதான் காரணத்தைத் தேடவே ஆரம்பிப்பார். இளங்கோவுடையதும் அதில் சேரட்டும்.

பவானி எழுதியது:

'பிரிவிடம்' கையேட்டில் ஏறிவிட்டது. 'ஒன்று பிசகு' என்பதன் பொருள் எதுவரை என்று நீங்கள் இருவரும் ஒத்துப்போகும் வரை அதை வரைவிலேயே வைக்கிறேன்.

மாலதி அக்கா சொன்னதை வைத்து ஒரு பயிற்சி சேர்த்திருக்கிறேன். அவர் எழுதிய நிரலை, கடைசியில் `lo`-வைத் திருப்பித் தரும் `find(a, x)` என்ற செயற்கூறாக ஆக்கிக்கொண்டேன். 0 முதல் 8 உறுப்புகள் வரையிலான பட்டியல்கள், எல்லாம் இரட்டை எண்கள். x-க்கு 1 முதல் 2n + 1 வரை எல்லா எண்ணும், அதாவது இருப்பவை, இடையில் இல்லாதவை, இரு ஓரத்துக்கும் வெளியே உள்ளவை எல்லாம்.

```python
for n in range(9):
    a = [2 * (i + 1) for i in range(n)]
    for x in range(1, 2 * n + 2):
        assert find(a, x) == sum(v < x for v in a)
```

x-ஐவிடச் சிறியவற்றை எண்ணினால் அதுவே பிரிவிடம் என்பதால் ஒப்பிடுவது எளிது. `hi`-யை `len(a) - 1` என்று மாற்றி ஓட்டினேன், காலிப் பட்டியலிலேயே மாட்டும் என்று நினைத்தால் அது தப்பிவிட்டது. `hi` -1 ஆகிச் சுழற்சிக்குள் போகவே இல்லை, விடை 0 சரியாக வந்துவிட்டது. ஓர் உறுப்புப் பட்டியலில், x 3 ஆகும்போதுதான் நின்றது. ஒரே எண் திரும்பத் திரும்ப வரும் பட்டியல்கள் இதில் இல்லை, அதை யாராவது எழுதித் தந்தால் சேர்த்துக்கொள்கிறேன்.