புதுப்பிப்பு: இடித்த மண்டபத்தின் நீளம்

நான் போன வாரம் கேட்டது: "சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தை இடித்துவிட்டார்கள். சாய்வாக எடுத்த ஒரே படம்தான் இருக்கு. தரையில் 6 அடிப் பலகை கிடக்கு. நீளம் கண்டுபிடிக்க முடியுமா?"

முடிந்தது, ஏறக்குறைய.

"பலகை எத்தனை பிக்சல், தரை எத்தனை, வகுத்துக்கோ" என்றார் நண்பர். பலகை 400, தரை 900. அப்படிப் பார்த்தால் பதின்மூன்றரை அடி! எங்கள் மண்டபம் கோழிக்கூண்டா?

ஓய்வுபெற்ற சர்வேயர் அண்ணன்தான் வழி சொன்னார். தரையின் இரு நீள ஓரங்களையும் கோடாக நீட்டினால் தூரத்தில் ஒரு புள்ளியில் சந்திக்கும். அதன் உயரத்திலிருந்து கீழ்நோக்கி அளக்கணும். பலகை ஓரத்தை ஒட்டியே கிடக்கிறது. அதன் கிட்ட முனை 1200, தூர முனை 800, தரையின் தூர முனை 300. தரை தொடங்குவதும் பலகையின் கிட்ட முனையில்தான். k என்ற ஒரு மாறா எண்ணை இந்தப் பிக்சல் அளவால் வகுத்தால் அந்த முனை எத்தனை அடி தூரம் என்று வரும்; பலகையின் 6 அடியை வைத்து k-ஐக் கண்டுபிடிக்கலாம்.

```
k × (1/800 − 1/1200) = 6  →  k = 14400
14400/300 − 14400/1200 = 48 − 12 = 36
```

36 அடி. ஆனால் தூர முனையில் 10 பிக்சல் தவறினாலே ஒன்றரை அடிக்கு மேல் மாறுகிறது. அங்கே படமும் மங்கல்.

அக்கா ஒருவர் இதே கணக்கில் டுரியான் மர உயரம் கேட்டார். பலகையும் அளக்கும் பொருளும் ஒரே தரையில் படுத்திருக்கணும், நிற்கும் மரத்துக்கு ஆகாது. பெரியப்பா இன்னும் 40 அடி என்றே சாதிக்கிறார்.